கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் இரண்டு வழிபாடு: துணைவருக்கு எழுதும் மெசேஜ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சைவப் பழக்கமுள்ள இந்துக் குடும்பத்துப் பெண்ணும் ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையனும் என்ற ஒரே ஜோடியை வைத்துத்தான் இந்தப் பதில்கள் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. பெண் கத்தோலிக்கர், பையன் இந்து என்றாலும் பெரும்பாலானவை பொருந்தும். பெந்தெகொஸ்தே சபை என்றால் படையல், திருநீறு, தாலி பற்றிய விதிகள் வேறு. அந்த வீடுகளுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தினமும் போனில் பேசுறோம். இதுக்குன்னு தனியா ஒரு மெசேஜ் எதுக்கு? எப்ப அனுப்பணும்?

பேச்சில் இந்த விஷயம் எப்போதும் 'பார்த்துக்கலாம்' என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடும். எழுதும்போதுதான் செவ்வாய்க்கிழமை மீன்குழம்பு, எட்டு மணி செபமாலை என்று கிழமையும் நேரமும் வெளியே வரும். படிப்பவருக்கும் முகத்தை உடனே மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை; இரண்டு நாள் கழித்துக்கூடப் பதில் சொல்லலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு எல்லைக்கோடு உண்டு. பங்குத்தந்தையைப் பார்க்கப் போவதற்கு முன்பு மெசேஜ் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் குழந்தை வளர்ப்பு பற்றிய உறுதிமொழி ஒன்று அங்கே கத்தோலிக்கத் தரப்பிடம் கேட்கப்படும் (அதைத் தனியாகக் கீழே பார்க்கலாம்). அதைப் பங்கு அலுவலக மேசையில் முதன்முறையாகக் கேள்விப்படும் பெண்ணுக்கு, இதை இவன் இத்தனை நாள் மறைத்துவிட்டான் என்றுதான் தோன்றும். அவனுக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம் என்பது அந்த நேரத்தில் மனதில் ஏறாது.

பதிவுத் திருமணம் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நாட்களில் எழுதலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். நோட்டீஸ் ஒட்டப்பட்ட பிறகு வீடுகளில் ஏற்கெனவே சூடு ஏறியிருக்கும். அதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. பண்டிகை நாளில் அனுப்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பி, ஞாயிறு மதியம் பேசலாம் என்று குறித்துவிட்டால் போதும்.

எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. என்னென்ன எழுதணும்?

நம்பிக்கையை எழுத வேண்டாம், செய்கையை எழுதுங்கள். 'எனக்கு முருகன்தான் எல்லாம்' என்ற வரிக்கு எதிராளி என்ன பதில் சொல்ல முடியும்? 'சஷ்டி ஆறு நாளும் ஒருவேளைதான் சாப்பிடுவேன், அந்த ஆறு நாள் வீட்டில் கவிச்சி வேண்டாம்' என்றால் சரி என்றோ, வேறு வழி பார்க்கலாமா என்றோ பதில் வரும்.

முதலில் ஒரு தாளில், மெசேஜுக்கு வெளியே, உங்கள் பக்கத்தை மட்டும் எழுதிப் பாருங்கள். தினமும் என்ன, வாரத்தில் என்ன, மாதத்தில் என்ன, வருடத்தில் என்ன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், வீட்டில் எந்த இடம், சமையலில் என்ன மாற்றம் என்பதும் வேண்டும். எழுதிய பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: நான் தனியாகச் செய்துகொள்வேன், நீ பக்கத்தில் இருந்தால் போதும், நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்யணும். மூன்றாவது வகையில் ஐந்தாறு சேர்ந்துவிட்டால் பட்டியலை மறுபடி பாருங்கள். அது மெசேஜாக இருக்காது, மதம் மாறச் சொல்லும் விண்ணப்பமாகிவிடும். ஒன்று அல்லது இரண்டு இருக்கலாம்.

அதன் பிறகு உங்களால் முடியாதவை. இவை கொஞ்சமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். கடைசியாக, உங்களுக்கே இன்னும் விடை தெரியாதவை. இதை எழுதத்தான் பெரும்பாலோர் தயங்குகிறார்கள். ஆனால் 'இது எனக்கு இன்னும் தெளிவாகல' என்ற ஒரு வரி இருக்கும் மெசேஜுக்குத்தான் மனம் திறந்த பதில் வருகிறது.

அவருடைய பக்கத்தை நீங்கள் எழுத வேண்டாம். 'உங்க வீட்டுல இப்படித்தானே செய்வீங்க' என்று தொடங்கினால் பாதி தப்பாக இருக்கும், மீதி குற்றப்பத்திரிகை போல ஒலிக்கும். அவர் வீட்டில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைக் குறிப்பிட்டு, அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொல்வதில் தவறில்லை.

ஒரு மாதிரி மெசேஜ் காட்டுங்களேன். அப்படியே காப்பி பண்ண மாட்டேன், எப்படி இருக்கும்னு பார்க்கத்தான்.

சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஜோடியை வைத்துக்கொள்வோம். பெண்ணின் வீடு திருநெல்வேலி, பையனின் வீடு தூத்துக்குடி. பெண் எழுதுகிறாள்:

> நாளைக்கு லீவுதானே, நிதானமா படி. உடனே பதில் வேணாம். ஞாயித்துக்கிழமை நீ பூசைக்குப் போயிட்டு வந்ததும் பேசலாம்.
>
> வீடு பார்க்க ஆரம்பிச்சதுலேர்ந்து ஒண்ணு மனசுல ஓடிட்டே இருக்கு. நம்ம வீட்டுல சாமி காரியம் எப்படி நடக்கும்னு நாம பேசவே இல்ல. என் பக்கத்தை நான் முதல்ல சொல்லிடறேன்.
>
> தினமும் காலையில குளிச்சிட்டு ஒரு விளக்கு, அஞ்சு நிமிஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு அரைமணி நேரம், சாம்பிராணி போடுவேன். செவ்வாய், வெள்ளி, அமாவாசைக்கு நான் கவிச்சி சாப்பிட மாட்டேன். ஐப்பசியில சஷ்டி ஆறு நாள் ஒருவேளைச் சாப்பாடு. சிவராத்திரிக்கு ராத்திரி பூரா கோயில். இது எல்லாமே நான் பார்த்துப்பேன். நீ எதுவும் செய்யவேணாம்.
>
> கார்த்திகை தீபத்துக்கு மட்டும் வாசல்ல விளக்கு வைக்கும்போது நீ கூட நிக்கணும்னு ஆசை. ஏத்தணும்னு இல்ல, நின்னா போதும்.
>
> உங்க அம்மா வந்தா எட்டு மணிக்கு செபமாலை சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். நான் பக்கத்துல உக்காருவேன். வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது, ஆனா அந்த நேரத்துல டிவி, போன் எதுவும் இருக்காது. கிறிஸ்துமஸ் ராத்திரி பூசைக்கும் ஈஸ்டர் பூசைக்கும் கட்டாயம் வரேன். மத்த ஞாயிறு நீ போயிட்டு வா, நான் சமைச்சு வைக்கிறேன். குடில் கட்டுறது நம்ம ரெண்டு பேர் வேலை.
>
> என்னால முடியாதது ரெண்டு. ஞானஸ்நானம் வாங்கிக்க மாட்டேன். பொட்டு வைக்கிறத விடமாட்டேன். உங்க வீட்டுல யாரும் இதைக் கேக்கல. ஆனா நாளைக்கு யாராவது கேட்டா நீ என்ன சொல்லுவன்னு எனக்கு இப்பவே தெரியணும்.
>
> எனக்கே தெரியாதது ஒண்ணு. குழந்தை. ஃபாதர் முன்னாடி நீ ஏதோ எழுதிக் கொடுக்கணும்னு கேள்விப்பட்டேன். அதுல என்ன இருக்குன்னு எனக்குக் காட்டு. படிச்சிட்டு சேர்ந்து யோசிக்கலாம்.
>
> உனக்கு எதெல்லாம் விட முடியாது, எதெல்லாம் பழக்கத்துக்குச் செய்யறேன்னு நீயும் எழுது. இதுல ஏதாவது உனக்குக் கஷ்டமா இருந்தா எந்த வரின்னு மட்டும் சொல்லு.

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரி. 'உனக்கு ஓகேவா?' என்று கேட்டால் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓகே வரும். 'எந்த வரி?' என்று கேட்டால் வரி கிடைக்கும். 'நாளைக்கு யாராவது கேட்டா நீ என்ன சொல்லுவ' என்ற இடத்தையும் பாருங்கள். அவள் அவனுடைய குடும்பத்தைக் குறை சொல்லவில்லை. அவன் நிற்கப்போகும் இடத்தை மட்டும் கேட்கிறாள்.

'எனக்கு மதமெல்லாம் முக்கியமில்ல, உன் இஷ்டம்'னு பதில் வந்தது. இதுல சந்தோஷப்படலாமா?

அவசரம் வேண்டாம். இந்தப் பதிலை எழுதும் நேரத்தில் பலர் மனப்பூர்வமாகவே எழுதுகிறார்கள். முதல் குழந்தை பிறந்ததும், அல்லது அப்பா இறந்ததும், அதே ஆளுக்கு மதம் முக்கியமாகிவிடும். ஆகவே கொள்கையை விட்டுவிட்டு மூன்று சின்னக் கேள்விகளைக் கேளுங்கள். பெரிய வெள்ளியன்று நீ வீட்டில் என்ன சாப்பிடுவாய்? உன் அம்மா நம் வீட்டுக்கு வந்ததும் ஹாலில் எந்தப் படத்தைத் தேடுவார்? குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் யார் நடத்தி வைப்பார்கள்? மூன்றுக்கும் அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தால், முக்கியம் இருக்கிறது என்று பொருள். அதை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

பூஜை அலமாரியில முருகன் படமும் மாதா படமும் சேர்த்தே வெச்சிடலாமா? பார்க்கவும் நல்லா இருக்குமே.

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பல வீடுகளில் அப்படியே இருக்கவும் செய்கிறது. இந்துத் தரப்புக்கு இதில் பெரிய சிக்கல் தோன்றாது. வேளாங்கண்ணி மாதா படம் ஏற்கெனவே பல இந்து வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. சிக்கல் கத்தோலிக்கத் தரப்புக்கு. வேறு தெய்வம் கூடாது என்ற முதல் கட்டளையைச் சொல்லி வளர்க்கப்பட்டவருக்கு ஒரே தட்டில் இரண்டும் இருப்பது உள்ளூர உறுத்தலாம். அதை வெளியே சொன்னால் மதவெறியன் ஆகிவிடுவோமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வார். எதிர்ப்பக்கத்திலும் ஒன்று உண்டு: பூஜை இடத்துக்குக் குளித்துவிட்டுத்தான் போவது, மாதவிடாய் நாட்களில் ஒதுங்குவது, அசைவம் சமைத்த அன்று தொடாமல் இருப்பது என்று சில வீடுகளில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. செபமாலையை எடுக்க அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. ஒரே அலமாரி என்றால் ஒருவருடைய கட்டுப்பாடு மற்றவர் தலையில் ஏறும்.

இரண்டு இடம் வைத்துக்கொள்வதுதான் எங்கள் பரிந்துரை. கத்தோலிக்க வீடுகளில் பீடம் வழக்கமாக ஹாலில், உள்ளே வருபவர் கண்ணில் படும்படி இருக்கும். குடும்பமாக உட்கார்ந்து செபம் சொல்ல அந்த இடம் வேண்டும். விளக்கு ஏற்றும் இடமோ சமையலறைச் சுவர் அலமாரியாகவோ தனியறையாகவோ இருந்தால் போதும், எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை. இரண்டு அறை வாடகை வீட்டில்கூட இப்படிப் பிரிக்கலாம். வாசல்நிலைதான் பிரிக்க முடியாத இடம். அங்கே மாவிலையும் மஞ்சள் குங்குமமும் இருக்கும். சிலுவையும் இருக்க வேண்டும் என்றால் அதை நிலைக்கு உள்பக்கத்தில், மேலே மாட்டுவது பலருக்கும் ஒத்துவருகிறது.

குடியேறும் நாளை மெசேஜில் ஒரு வரியாகவாவது எழுதிவிடுங்கள். பால் காய்ச்சுவது தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளிலும் உள்ள வழக்கம்தான், ஆகவே அதைக் காலையில் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். கணபதி ஹோமம் ஒரு நாள், பங்குத்தந்தையை அழைத்து வீடு மந்திரிப்பது வேறொரு நாள் என்று பிரித்துவிடுங்கள். ஒரே நாளில் காலை ஒன்று, மாலை ஒன்று என்று வைத்தால் யாருடையது முதலில் என்ற கேள்வி கிளம்பும்.

சமையல்தான் பெரிய பிரச்சினையா வரும்னு தோணுது. விரத நாளையெல்லாம் எப்படிப் பேசி வைக்கிறது?

சரியாகத்தான் தோன்றியிருக்கிறது. அடிக்கடி உரசுவது இங்கேதான், அதுவும் ஒரு சொல்லின் பொருள் தெரியாததால். கத்தோலிக்கர் 'சுத்தபோசனம்' என்று சொன்னால் இறைச்சி இல்லை என்று பொருள். மீனும் முட்டையும் உண்டு. இந்து வீட்டில் 'சுத்தம்' என்றால் மீன், முட்டை, கருவாடு எதுவும் கூடாது. 'வெள்ளிக்கிழமை ரெண்டு பேருக்குமே சுத்தம்தானே' என்று மகிழ்ந்து ஒத்துக்கொண்டு, தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை தூத்துக்குடிப் பையன் பாசத்தோடு வஞ்சிரம் வாங்கி வந்து நிற்பான். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றித்தான் இருக்கிறார்கள்.

ஆகவே மெசேஜில் 'சைவம்', 'சுத்தம்', 'விரதம்' என்ற சொற்களைப் போடாமல் பொருளின் பெயரை எழுதுங்கள். 'வெள்ளிக்கிழமை மீன், முட்டை, கறி மூணும் அடுப்புல ஏறவேணாம். வெளிய சாப்பிட்டு வந்தா எனக்கு வருத்தமில்ல' என்பது முழுமையான வரி. அடுப்பில் ஏறக்கூடாதா, வீட்டுக்குள்ளேயே வரக்கூடாதா, தன் தட்டில் மட்டும் வேண்டாமா என்ற மூன்றில் எது உங்கள் எல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அசைவத்துக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி என்பது எளிது. மீன்குழம்புக்கு மண்சட்டி தனியாக இருப்பது கடற்கரை வீடுகளில் எப்படியும் உள்ள பழக்கம்.

'ஒருசந்தி' என்பதற்கு இரண்டு பக்கமும் நெருங்கிய பொருள்தான்: ஒரு முழுச் சாப்பாடு. கத்தோலிக்கருக்குச் சட்டப்படி கட்டாயமான ஒருசந்தி நாட்கள் வருடத்துக்கு இரண்டுதான், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயது நிறைந்தவரிலிருந்து 59 வயது நிறையாதவர் வரை அதில் அடங்குவர். மற்றபடி தவக்காலம் முழுவதும் கறி சாப்பிடாமல் இருப்பது குடும்ப வழக்கம் அல்லது சொந்த நேர்ச்சை. அதனால் 'உங்க சபையில என்ன சட்டம்' என்பதைவிட 'நீ என்ன செய்வ' என்று கேட்பதுதான் பயன்படும்.

இனி ஒரு வருடத்து நாட்காட்டியை இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். மோதும் நாட்கள் எண்ணி ஏழெட்டுத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கறிச்சோறு என்பது வழக்கமென்றால், அமாவாசை ஞாயிற்றில் விழும் நாட்களில் என்ன செய்வது? டிசம்பர் 25 எப்போதும் மார்கழி பத்தாம் நாளை ஒட்டித்தான் வரும். மார்கழி முழுக்கக் கவிச்சி விடும் வீட்டுப் பெண்ணுக்கு முன்னால் கிறிஸ்துமஸ் பிரியாணி அண்டா ஏறும். இங்கே அந்த ஒரு நாளைக்கு அவள் சமைக்க வேண்டாம், சாப்பிட வேண்டாம், பரிமாறலாம் என்று தீர்த்துக்கொண்டவர்கள் உண்டு. மாமியார் வீட்டில் போய்க் கொண்டாடித் தீர்ப்பவர்களும் உண்டு. 2024-இல் கந்த சஷ்டி தொடங்கியது நவம்பர் 2, அதாவது கல்லறைத் திருநாள். காலையில் காப்புக் கட்டுவதும் மாலையில் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவதும் ஒன்றையொன்று தடுக்காது. பயணத்தை மட்டும் முன்கூட்டியே திட்டமிட்டால் போதும்.

மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் வரும் நாட்களும் இருக்கின்றன. மாசி மாதச் சிவராத்திரி அமாவாசைக்கு முந்தைய சதுர்த்தசியில் வருகிறது. ஈஸ்டரும் நிலவைப் பார்த்தே கணக்கிடப்படுவதால், அதற்கு 46 நாள் முன்னே வரும் சாம்பல் புதன் பெரும்பாலும் ஓர் அமாவாசையை ஒட்டி விழும். 2022-இல் சிவராத்திரி மார்ச் 1, சாம்பல் புதன் மார்ச் 2. 2026-இல் பிப்ரவரி 15-உம் 18-உம். தமிழ்க் கத்தோலிக்கர் அந்த நாளைத் திருநீற்றுப் புதன் என்றே சொல்வார்கள். ஒரே வாரத்தில் இரண்டு நெற்றியிலும் சாம்பல் என்பது மெசேஜில் சேர்க்கச் சுவையான ஒரு வரி. ஆனால் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று முடித்துவிடாதீர்கள். இருவருக்கும் அந்தச் சாம்பலின் பொருள் வேறு.

பங்குத்தந்தை ஏதோ கையெழுத்து வாங்குவாராமே? நான் என்ன எழுதிக் கொடுக்கணும்?

இந்துத் தரப்பு எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க, கத்தோலிக்கர் மறைமாவட்ட ஆயரின் அனுமதியான விலக்கைப் பெற வேண்டும். இல்லையென்றால் அந்தத் திருமணத்தைத் திருச்சபை ஏற்காது. இது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1086-ஆம் விதி. அந்த விலக்குக்கு 1125-ஆம் விதி வைக்கும் நிபந்தனைகளில், கத்தோலிக்கத் தரப்பு தன் விசுவாசத்தை விட்டுவிடும் ஆபத்துகளை அகற்றத் தயார் என்று அறிவிப்பதும், குழந்தைகள் கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்று அந்த விசுவாசத்தில் வளரத் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்வதாக வாக்களிப்பதும் உண்டு. இன்னொரு நிபந்தனை, இந்த வாக்குறுதி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று மற்றத் தரப்புக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது. பழைய 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு தரப்புமே வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. தாத்தா பாட்டிமார் சொல்லும் 'ரெண்டு பேரும் எழுதிக் கொடுக்கணும்' என்ற கதை அந்தக் காலத்தது. 1970-இல் அது மாறிவிட்டது.

'தன்னால் இயன்ற அனைத்தையும்' என்ற சொற்களில்தான் பேச்சுக்கு இடம் இருக்கிறது. குழந்தை இருவருக்கும் சொந்தம், தாயின் சம்மதமும் வேண்டும் என்பதைத் திருச்சபையும் தெரிந்தே இப்படி எழுதியிருக்கிறது. ஆனாலும் அதைச் சம்பிரதாயக் கையெழுத்து என்று பையன் சொல்லிவிடக் கூடாது. அவன் மெசேஜில் எழுத வேண்டியது இப்படி இருக்கலாம்: 'நான் இந்த வாக்கைக் கொடுக்கப் போறேன், கொடுத்தா மனசார முயற்சி பண்ணுவேன். உனக்கு விருப்பமில்லாம உனக்குத் தெரியாம ஞானஸ்நானம் நடக்காது. ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்.' இந்த வரியை எழுத முடியாவிட்டால், கோயில் வாசலுக்குப் போவதற்கு முன் இன்னும் பேச வேண்டியது பாக்கி இருக்கிறது.

ஞானஸ்நானம் வீட்டோடு நிற்கும் விஷயமும் அல்ல. பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி அந்தத் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கே உண்டு. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்ல முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; புதுச்சேரியில் குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்ற ஒருவரின் வழக்கு அது. குழந்தையின் சான்றிதழ் பற்றி முடிவெடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

திருமணம் எந்தச் சட்டத்தில் பதிவாகிறது என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். கோயிலில் தாலி கட்டி இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவது, ஒருவர் கிறிஸ்தவராகவே இருக்கும்வரை செல்லாது. 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. சிறப்புத் திருமணச் சட்டம் இருவரையும் அவரவர் மதத்திலேயே விட்டுவைக்கிறது. 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்திலும் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தால் போதும்.

நான் அவரோட பூசைக்கும் அவர் என்னோட கோயிலுக்கும் வந்தே ஆகணுமா?

வர வேண்டும் என்று இல்லை. வந்தால் எதுவரை என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். பூசையில் நற்கருணை கத்தோலிக்கருக்கு மட்டுமே. எல்லோரும் வரிசையில் எழும்போது நீங்கள் இருக்கையிலேயே இருக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தெரியாமல் போய்க் கையை நீட்டி, அங்கே மறுக்கப்படுவதுதான் தர்மசங்கடம். இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது அவருடைய வேலை. தமிழகக் கோயில்களில் கொடிமரத்தைத் தாண்டி இந்து அல்லாதவருக்கு அனுமதி இல்லை என்ற பலகைகள் உண்டு. 2024 ஜனவரியில் பழனி வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தெய்வத்தின் மீது நம்பிக்கை இருப்பதாக உறுதி எழுதிக் கொடுத்தால் உள்ளே விடலாம் என்றது. கத்தோலிக்கர் ஒருவரால் அப்படி எழுத்தில் கொடுக்க முடியுமா என்பது அவரைப் பொறுத்தது. 'பேரை மாத்திச் சொல்லிட்டு வாங்களேன்' என்று மட்டும் கேட்காதீர்கள். கொடிமரத்தடியில் காத்திருப்பது கௌரவக் குறைவல்ல.

பிரசாதத்தைக் கையில் வாங்கிக்கொள்பவர், வாங்கிச் சாப்பிடுபவர், நெற்றியில் மட்டும் வேண்டாம் என்பவர் என்று கத்தோலிக்கரிலேயே பல வகை. படையல் உணவு பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய காலத்திலிருந்தே பேச்சு நடக்கிறது. அவர் எந்த வகை என்று ஒருமுறை கேட்டுவிட்டால் அத்தை தட்டை நீட்டும் நாளில் நீங்கள் இடையில் புகுந்து வாங்கிக்கொள்ளலாம்.

மெசேஜை அம்மா அப்பாவுக்குக் காட்டலாமா? அவங்க வந்து தங்குற நாள்ல என்ன பண்றது?

காட்ட வேண்டாம். அது இருவருக்குள் எழுதப்பட்டது. ஸ்கிரீன்ஷாட்டாகக் குடும்பக் குரூப்பில் விழுந்தால் அடுத்த மெசேஜில் யாரும் உண்மை எழுத மாட்டார்கள். முடிவான நாலைந்து விஷயங்களை மட்டும், அவரவர் பெற்றோரிடம் அவரவரே சொல்ல வேண்டும். அத்தையிடம் 'எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை மீன் வேணாம்மா' என்று சொல்லவேண்டியது மகன்தான், மருமகள் அல்ல. அதேபோல் 'மருமகன் விபூதி வெச்சுக்கல' என்ற மனக்குறைக்குத் தன் அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டியவள் மகள்.

பெற்றோர் வந்து தங்கும் நாட்களுக்காக வீட்டிலுள்ள படத்தை எடுத்து ஒளித்து வைக்கும் வழக்கம் சில இளம் ஜோடிகளிடம் இருக்கிறது. முதல் முறை எளிது. மூன்றாவது முறை, யாருடைய படம் பீரோவுக்குள் போகிறது என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

நீல டிக் வந்து நாலு நாள் ஆச்சு. பதிலே இல்ல.

குறித்த ஞாயிறு தாண்டியும் பதில் இல்லை என்றால் மொத்த மெசேஜையும் மறுபடி அனுப்ப வேண்டாம். அதிலிருந்து எளிதான ஒரு வரியை எடுத்துக் கேளுங்கள்: 'கார்த்திகைக்கு நிக்கறதப் பத்தி மட்டும் சொல்லு.' எழுதவே வராதவர்களும் உண்டு. வாய்ஸ் நோட் போடச் சொல்லுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், நோட்டீஸ் கொடுக்கும் தேதியைத் தள்ளி வைத்துவிட்டு நேரில் உட்காருங்கள்.

சாவு, திதி பத்தியெல்லாம் இப்பவே எழுதணுமா? அபசகுனமா இருக்கே.

முதல் மெசேஜில் வேண்டாம். முதல் வருடத்துக்குள் ஒருநாள் பேசிவிடுங்கள், ஏனென்றால் முடிவெடுக்கச் சில மணி நேரமே கிடைக்கும் விஷயம் இது. கத்தோலிக்கர் அடக்கத்தையே விரும்பினாலும், எரியூட்டலைத் திருச்சபை 1963-இலேயே அனுமதித்துவிட்டது. சாம்பலை ஆற்றிலோ கடலிலோ கரைக்கக் கூடாது என்று 2016-இல் மறுபடி சொன்னது. ஆகவே கத்தோலிக்கக் கணவரைத் தகனம் செய்தாலும் அஸ்தியைக் கரைக்க முடியாது, கல்லறையில் வைக்க வேண்டும். இந்து மனைவிக்குப் பங்குக் கல்லறையில் இடம் உண்டா என்பது அந்தந்தப் பங்கின் வழக்கத்தைப் பொறுத்தது. பங்குத்தந்தையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மனைவியின் பெற்றோருக்குத் திதி கொடுக்க மகன் இல்லையென்றால், எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போவது யார், அன்று வீட்டில் சமையல் என்ன, கணவர் அந்த இலையில் உட்காருவாரா என்ற மூன்றையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.